டி-ஸ்குவேரும் யோட்டும்: முனைக் கோளை வாசிக்கும் இரு வழிகள்

மேலைச் சோதிடத்தில் மூன்று கோள்கள் 120 பாகை இடைவெளிகளில் நிற்கும் கிராண்ட் ட்ரைன் எளிதாக வாய்க்கும் திறனாக வாசிக்கப்படும். குழப்பம் வருவது, மற்ற இரு கோள்களும் சேர்ந்து சுட்டும் முனைக் கோளுள்ள டி-ஸ்குவேர், யோட் ஆகிய இரு அமைப்புகளிலுமே.

மேடம் 10 பாகையில் சூரியனும் துலாம் 12இல் சனியும் எதிரெதிரே நிற்க, கடகம் 11இல் உள்ள சந்திரன் இருவருக்கும் ஏறத்தாழ 90 பாகையில் அமைந்தால் அது டி-ஸ்குவேர். அந்த இழுபறி சந்திரன் வழியே செயலாக வெடிக்கும் என்றும், வெறுமையான மகரம் 11 அதற்குச் சமநிலை தரும் இடம் என்றும் கொள்வர்.

யோட்டில் மோதல் இல்லை. இடபம் 11இல் செவ்வாயும் மீனம் 13இல் வியாழனும் ஏறத்தாழ 60 பாகையில் இணங்கியிருக்க, துலாம் 12இல் நிற்கும் சனி இருவரிடமிருந்தும் யோட்டுக்குரிய 150 பாகையை ஒட்டி 151 பாகை தள்ளி இருக்கிறது. எனவே சனியின் காரியங்களில் ஓயாமல் திருத்திக்கொள்ளும் நிலை வாசிக்கப்படும்.

டி-ஸ்குவேருக்கு உரிய கோணத்திலிருந்து 6 பாகை விலகலும் ஏற்கப்படலாம். யோட்டுக்கு 2 அல்லது 3 பாகையே. ஆகவே யாழ்ப்பாணத்தில் பழைய வாய்பாடுகளால் கணிக்கும் வாக்கியப் பஞ்சாங்கப்படி எழுதிய சாதகக் குறிப்பிலிருந்து யோட்டைத் தேடுவது தவறு என்பதே என் கருத்து: கோள்நிலையில் சில பாகை பிசகினாலே யோட் மறைந்துவிடும். இன்றைய வானியல் கணக்கைப் பின்பற்றும் திருக்கணிதக் கணிப்பில் கோணங்கள் சரியாக இருக்கும். இராசி நிலைகள் மட்டும், மேலை இராசிச் சக்கரத்துக்கும் நமதுக்கும் உள்ள தொடக்க வேறுபாடான அயனாம்சத்தால், சுமார் 24 பாகை பின்தள்ளியிருக்கும்.