காலைக் கார்டிசாலா, ஏ.சி.டி.எச். தூண்டல் சோதனையா?

பல மாதங்கள் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு, அதனால் அடங்கிப்போன அட்ரினல் சுரப்பி பழைய நிலைக்கு மீண்டுவிட்டதா என்று அறிய, நான் முதலில் எழுதுவது அச்சுரப்பி சுரக்கும் கார்டிசால் ஹார்மோனின் காலை எட்டு மணி இரத்த அளவுதான். அளவு டெசிலிட்டருக்கு 10 மைக்ரோகிராமைத் தாண்டினால் சுரப்பி மீண்டுவிட்டது என்று கொள்ளலாம். 5க்குக் கீழே இருந்தால் மாத்திரையைத் தொடர்ந்து, சில மாதங்கள் கழித்து மறுபடியும் பார்க்கலாம். இவ்விரு நிலைகளிலும், அட்ரினலைத் தூண்டும் பிட்யூட்டரி ஹார்மோனான ஏ.சி.டி.எச்.ஐ ஊசியாகப் போட்டுப் பார்க்கும் தூண்டல் சோதனை பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. இரண்டுக்கும் இடைப்பட்ட அளவு வரும்போதுதான் அதன் உதவியை நாடுகிறேன்.

மூட்டுவாதத்துக்காக இரண்டு ஆண்டுகள் மாத்திரை சாப்பிட்டு, 5 மில்லிகிராமுக்குக் குறைத்திருந்த ஓர் அம்மாவுக்கு முதல் அறிக்கையில் 14 என்று வந்தது. விசாரித்தபோது, காலையில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு பதினொரு மணிக்கு இரத்தம் கொடுத்திருந்தார். பல ஆய்வக முறைகள் பிரெட்னிசலோனையும் ஓரளவு கார்டிசாலாகவே எண்ணிவிடுவதால், அந்த 14ஐ நம்ப வழியில்லை. முந்தைய நாள் காலை மாத்திரைக்குப் பின் 24 மணி நேரம் இடைவெளி விட்டு, எட்டு மணிக்கு எடுத்தபோது 7 வந்தது.

இடைப்பட்ட அளவு என்பதால் தூண்டல் சோதனை செய்தோம். 250 மைக்ரோகிராம் செயற்கை ஏ.சி.டி.எச். ஊசி போட்டு, 30ஆம், 60ஆம் நிமிடங்களில் இரத்தம் எடுத்ததில் 13, 16 என்று வந்தன. இங்கேதான் முடிவைத் தீர்மானிக்கும் கேள்வி எழுகிறது: 16 போதுமா? பழைய பாடப்புத்தகக் கணக்கில் உச்சம் 18ஐ எட்ட வேண்டும். அப்படிப் பார்த்தால் இவர் குறைபாடுள்ளவர். அந்த 18, கார்டிசாலை ஒத்த வேறு ஸ்டீராய்டுகளையும் சேர்த்து எண்ணிய பழைய முறைகளுக்கு உரியது. கார்டிசாலை மட்டும் பிரித்தறியும் புதிய முறைகளில் ஏறத்தாழ 14 முதல் 15 வரையே எல்லை. ஆகவே ஆய்வகத்தை அழைத்து எந்த முறை என்று கேட்டேன், புதியது என்றார்கள். மாத்திரையைப் படிப்படியாக நிறுத்தினோம். அந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டிருந்தால், தேவையில்லாத ஸ்டீராய்டை அவர் இன்னும் பல மாதங்கள் விழுங்கியிருப்பார்.

தூண்டல் சோதனைக்கு வேறொரு குறையும் உண்டு. அது அட்ரினலை நேரடியாகத் தட்டிப் பார்க்கிறதே தவிர, பிட்யூட்டரி தானாக ஆணையிடுகிறதா என்று பார்ப்பதில்லை. பிட்யூட்டரி அறுவைக்குப் பிந்தைய முதல் சில வாரங்களில் அட்ரினல் இன்னும் சுருங்கியிராததால், குறைபாடு இருந்தும் முடிவு இயல்பாக வரக்கூடும். இத்தகையோரை நான் மிகச் சிலரையே பார்த்திருப்பதால், அவர்களை நாளமில்லாச் சுரப்பி நிபுணரிடம் அனுப்பிவிடுகிறேன்.

ஈஸ்ட்ரோஜன் மாத்திரை சாப்பிடும் பெண்களுக்குக் கார்டிசாலைப் பிணைக்கும் புரதம் கூடுவதால், இரு சோதனைகளுமே உண்மையைவிட உயர்ந்த எண்ணைக் காட்டும். இரத்த அழுத்தம் சரிந்து வாந்தியுடன் வருபவருக்கோ எந்தச் சோதனைக்கும் காத்திருக்கக் கூடாது. இரத்தத்தை எடுத்து வைத்துவிட்டு, உடனே 100 மில்லிகிராம் ஹைட்ரோகார்டிசோன் ஊசியும் சலைனும் கொடுத்தாக வேண்டும்.