கே.கே. நகர் வீடும், குடியிருக்கும் தம்பிக்கு எழுதிய கடிதமும்

அம்மா இருந்தவரை திருச்சி கே.கே. நகர் வீட்டு வாடகையைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. ஐந்தாம் தேதிக்குள் இருபதாயிரம் ரூபாய் அம்மாவின் கணக்கில் விழுந்துவிடும். போன வருடம் அவர் காலமான பிறகு வீடு என் பேருக்கு வந்தது. வாடகையும் மாறவில்லை, குடியிருப்பவரும் மாறவில்லை. பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்க்கிற ஒரு தம்பி, மனைவி, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். வீட்டுக்காரர் சிங்கப்பூரில் இருக்கிறார் என்பது மட்டும்தான் புதிது. 2025 ஆகஸ்டில் ஊருக்குப் போனபோது எனக்கு இருந்த வேலைகளில் பாதி அந்த ஒரு விஷயத்தால் வந்தவை.

முதலில் வங்கி. என்னிடம் என்.ஆர்.இ. கணக்கு உண்டு, ஆனால் அது வெளிநாட்டில் சம்பாதித்து அனுப்பும் பணத்துக்கானது. உள்நாட்டில் வரும் வாடகைக்கு என்.ஆர்.ஓ. கணக்குதான் வழக்கம். வரி கட்டியதைக் காட்டினால் வாடகையை என்.ஆர்.இ.யிலும் போடலாம் என்று விதி இருக்கிறது, கிளையில் கேட்டால் தலையாட்டிவிட்டு என்.ஆர்.ஓ. படிவத்தைத்தான் நீட்டுகிறார்கள். பாஸ்போர்ட், பான் அட்டை, சிங்கப்பூர் பி.ஆர். அட்டை எல்லாம் கொண்டு போயிருந்தேன். பி.ஆர். அட்டையின் பின்பக்கமே முகவரி இருக்கிறது, அது போதாது, கரண்ட் பில் வேண்டும் என்றார் கவுண்டரில் இருந்தவர். கரண்ட் பில் மனைவி பேரில். கடைசியில் என் சிங்கப்பூர் வங்கியின் மாதாந்திர அறிக்கையைப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்ததும் வேலை முடிந்தது. இந்த வேலையாகப் போகிறவர்கள் அந்த ஒரு தாளை முன்கூட்டியே பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

வங்கியில் சொல்லாத விஷயத்தை ஆடிட்டர் சொன்னார். மாத வாடகை ஐம்பதாயிரத்தைத் தாண்டாவிட்டால் குடியிருக்கும் தனிநபர் வாடகையிலிருந்து டிடிஎஸ் என்ற வரியைப் பிடிக்க வேண்டியதில்லை என்று எல்லோரும் சொல்வார்கள். அது இந்தியாவில் வசிக்கும் வீட்டுக்காரருக்கு. வீட்டுக்காரர் வெளிநாட்டுவாசி என்றால், 2026 மார்ச் வரையிலான வாடகைக்கு வருமான வரிச் சட்டம் 1961-இன் 195-ஆம் பிரிவு வருகிறது. அதில் ஐம்பதாயிரம், ஐயாயிரம் என்ற வரம்பே கிடையாது. முதல் ரூபாயிலிருந்தே 30 சதவீதம், அதன்மேல் 4 சதவீத செஸ், ஆக 31.2 சதவீதம் பிடிக்க வேண்டும். பிடித்துக் கட்டும் பொறுப்பு முழுக்கக் குடியிருப்பவருடையது. அவர் பிடிக்காமல் விட்டால் வரித்துறை கேள்வி கேட்பது அவரிடம்தான், வட்டியும் அவர் தலையில்தான்.

எனக்கு இதுதான் உறுத்தியது. மாதச் சம்பளக்காரர், இந்தச் சட்டம் தனக்குப் பொருந்தும் என்று அவர் எப்படி நினைப்பார்? என் பாஸ்போர்ட்டில் குத்திய முத்திரைக்கு அவர் ஏன் அபராதம் கட்ட வேண்டும்? அதனால் பெயர் மாற்றம் முடியும்வரை வாடகையை அனுப்பாமல் நிறுத்தி வைக்கச் சொல்லியிருந்தேன். நான் ஊரில் இருக்கும்போதே என் பேரில் புது ஒப்பந்தம் போட்டு, tenancy.tn.gov.in தளத்தில் பதிவுக்கும் கொடுத்தோம். நேரில் கையெழுத்துப் போட்டதால் பவர் பத்திரம் தேவைப்படவில்லை. இங்கிருந்து பவர் அனுப்புவதென்றால் இந்திய ஹை கமிஷனில் அத்தாட்சி வாங்கி, ஊருக்குப் போய்ச் சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வையும் செலுத்த வேண்டும். முடிந்தால் அதைத் தவிர்ப்பதே நல்லது.

சிங்கப்பூர் திரும்பியதும் அவருக்கு ஒரு கடிதம் எழுதினேன். போனில் சொன்னால் சரிங்கண்ணா, சரிங்கண்ணா என்றே முடிந்துவிடும். எழுத்தில் இருந்தால் அவர் யாரிடமாவது காட்டிக் கேட்கவும் முடியும். பணம் பற்றிய பகுதி இப்படி:

“தம்பி, இனி வாடகையில் மாதம் 6,240 ரூபாயைப் பிடித்துக்கொண்டு மீதி 13,760 ரூபாயை மட்டும் என் என்.ஆர்.ஓ. கணக்குக்கு அனுப்புங்கள். இது வாடகைக் குறைப்பு இல்லை. அந்த 6,240 என் பேரில் அரசாங்கத்துக்குப் போகும் வரி. அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கட்டிவிட வேண்டும், மார்ச் மாதத்துக்கு மட்டும் ஏப்ரல் 30 வரை நேரம் உண்டு. இதற்கு உங்கள் பேரில், வரி பிடித்துக் கட்டுபவர்களுக்கான டான் எண் வாங்க வேண்டும், பான் போதாது. ஆடிட்டரிடம் சொல்லியிருக்கிறேன், அவர் விண்ணப்பம் போடுவார். பிடித்த வரியின் கணக்கைக் காட்ட மூன்று மாதத்துக்கு ஒருமுறை 27Q என்ற படிவத்தையும் அவரே தாக்கல் செய்வார். ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான கணக்குக்குக் கடைசி நாள் அக்டோபர் 31. தாமதமானால் நாளுக்கு 200 ரூபாய். டானுக்கும் படிவத்துக்கும் ஆகும் செலவு முழுக்க என்னுடையது, ஆடிட்டருக்கு நானே அனுப்பிவிடுகிறேன்.

யாராவது 26QC போட்டால் போதும், டான் வேண்டாம் என்று சொன்னால் கேட்காதீர்கள். அது உள்ளூர் வீட்டுக்காரருக்கான படிவம். அதில் 2 சதவீதம்தான் பிடிப்பார்கள், மீதி 29 சதவீதத்துக்கு நோட்டீஸ் உங்களுக்கு வரும். முன்பணம் உங்களிடம் திருப்பித் தர வேண்டிய பணம், அதில் எதுவும் பிடிக்க வேண்டியதில்லை.”

வருடத்துக்கு 74,880 ரூபாய் இப்படி வரியாகப் போகிறது. ஆனால் உண்மையில் நான் கட்ட வேண்டிய வரி அவ்வளவு இல்லை. ஆண்டு வாடகை 2,40,000. சொத்து வரி 4,800 கழித்தால் 2,35,200. அதில் பராமரிப்புக்கென்று 30 சதவீதம் சட்டமே கழித்துக்கொள்ளச் சொல்கிறது, மிஞ்சுவது 1,64,640. இந்தியாவில் எனக்கு வேறு பெரிய வருமானம் இல்லாததால் இது வரி வரம்புக்குக் கீழேதான். ஆக ரிட்டர்ன் தாக்கல் செய்தால் பிடித்தது முழுவதும் திரும்பி வரும், ஆனால் அதுவரை பணம் முடங்கிக் கிடக்கும்.

முடங்காமல் இருக்க ஒரு வழி உண்டு. படிவம் 13-ஐ இணையத்தில் போட்டு, குறைந்த விகிதத்தில் பிடிக்கலாம் என்று வரித்துறையிடம் சான்றிதழ் வாங்கலாம். அதில் குடியிருப்பவரின் டான் எண்ணும் இடம்பெறும், அதனால் டான் வாங்கும் வேலை எப்படியும் தப்பாது. சான்றிதழ் கொடுத்த தேதியிலிருந்துதான் செல்லும், அதற்கு முன்னால் பிடித்ததற்கு ரிட்டர்ன்தான் வழி. நிதியாண்டு முடிந்தால் சான்றிதழும் முடிந்தது, மறுபடி விண்ணப்பம். 2025-26 பாதி கழிந்துவிட்டதால் நான் 2026 ஏப்ரலில் போடுவதென்று வைத்துக்கொண்டேன். அந்த ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் பிரிவு எண்களும் படிவ எண்களும் வேறு, அதற்கு ஆடிட்டரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ள வேண்டும்.

கட்டிய வரி என் பேரில்தான் போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பது வீட்டுக்காரர் வேலை. 27Q தாக்கலான சில நாட்களில் வருமான வரித் தளத்தில், என் பேரில் கட்டிய வரிகளைக் காட்டும் 26AS-இல் அவர் டானும் 195 என்ற பிரிவும் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் பெரும்பாலும் என் பான் எண்ணில் ஓர் எழுத்து தவறாக ஏறியிருக்கும், திருத்தப் படிவம் போட்டுச் சரிசெய்யலாம். அதே தளத்தில் நம் நிலை வெளிநாட்டுவாசி என்று இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். உள்ளூர்வாசி என்றே கிடந்தால், ஆதார் இணைக்கவில்லை என்று பான் செயலிழந்து போன கதைகள் 2023-இலிருந்து நிறைய.

இனி வீடு. போன மழைக்காலத்திலேயே சமையலறைக் கூரையில் ஈரம் தெரிகிறது, தண்ணீர்க் குழாய் கசிகிறது போல என்று தம்பி சொல்லியிருந்தார். பிளம்பர் வந்து சுவரை உடைத்துப் பார்க்கலாம் என்றார், நான்காயிரம் ஆகும். நான் கொஞ்சம் பொறுக்கச் சொன்னேன். குழாய் கசிந்தால் வருடம் முழுக்க ஈரம் இருக்க வேண்டும். இது ஐப்பசியில் வந்து மாசியில் காய்ந்த ஈரம், ஓரத்தில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. மொட்டை மாடியில் ஏறிப் பார்த்தால், மழைத்தண்ணீர் இறங்கும் ஓட்டையில் வேப்பஞ்சருகு களிமண் மாதிரி இறுகிக் கிடக்கிறது. அதற்குப் பக்கத்திலேயே கைப்பிடிச் சுவர் விரிசலில் ஒரு முழ உயரத்துக்கு அரசங்கன்று. தண்ணீர் போக வழியில்லாமல் தேங்கி, தட்டோட்டு இணைப்புகள் வழியாக உள்ளே இறங்கியிருக்கிறது. கன்றை வெட்டினால் மறுபடி துளிர்க்கும் என்று கொத்தனார் விரிசலை அகலப்படுத்தி வேரோடு எடுத்துவிட்டுக் கலவை பூசினார். இணைப்புகளையும் பூசினோம். சுவரை உடைக்கவே இல்லை.

இதை வைத்துத்தான் கடிதத்தின் இரண்டாவது பகுதியை எழுதினேன்.

“தம்பி, தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் யார் எதைப் பார்க்க வேண்டும் என்று இருக்கிறது. கட்டட விரிசல், வெள்ளையடிப்பு, குழாய் மாற்றுவது, ஒயரிங் எல்லாம் என் செலவு. டேப், வாஷர், ஸ்விட்ச், பூட்டு, ஜன்னல் கண்ணாடி, சாக்கடை அடைப்பு எடுப்பது உங்களுடையது. ஒப்பந்தத்திலும் அப்படியே எழுதியிருக்கிறோம். என் பக்க வேலையில் இரண்டாயிரம் வரை என்னைக் கேட்காமலே செய்துவிட்டு ரசீதைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள், அன்றே உங்கள் கணக்கில் போட்டுவிடுகிறேன். வாடகையில் கழிக்க வேண்டாம், வரிக் கணக்கு குழம்பும். அதற்கு மேல் என்றால் ஆள் வருவதற்கு முன் ஒரு போன். எங்களுக்கு மணி இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடும், ராத்திரி எட்டரைக்குள் கூப்பிட்டால் விழித்திருப்பேன்.

புரட்டாசி முடிவதற்குள் மாடியில் தண்ணீர் இறங்கும் மூன்று ஓட்டைகளிலும் சருகை வாரி, ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். உடனே இறங்க வேண்டும். அரசோ ஆலோ விரலளவு இருக்கும்போதே பிடுங்கிவிடுங்கள். கரண்ட் பில் வழக்கம்போல் நீங்கள், சொத்து வரி நான். அக்டோபருக்குள் கட்டினால் 5 சதவீதம் தள்ளுபடி, அதனால் மாநகராட்சி நோட்டீஸ் எது வந்தாலும் அன்றே படம் எடுத்து அனுப்புங்கள்.”

அவர் பதிலில் வாளித் தண்ணீர் இறங்கும் வீடியோ ஒன்று வந்தது, கூடவே நான் யோசிக்காத ஒரு கேள்வியும். வீட்டு வாடகைப் படிக்கு ஆபீசில் ரசீது கேட்கிறார்கள், இனி 13,760-க்குத்தான் தருவீர்களா அண்ணா என்று. இல்லை, வாடகை இருபதாயிரம்தான், வரி என் பங்கிலிருந்து போவது. ரசீது இருபதாயிரத்துக்கே, என் பான் எண்ணோடு. ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் வீட்டுக்காரரின் பான் கேட்பார்கள், அதனால் எல்லா ரசீதிலும் போட்டுவிட்டேன். செப்டம்பர் மாத ரசீதிலிருந்து அடியில் ஒரு வரி சேர்க்கிறேன்: “இதில் 6,240 ரூபாய் 195-ஆம் பிரிவின்படி வரியாகப் பிடிக்கப்பட்டது.”