ஒரே அளவு, இரண்டு சிங்க்: எதை வாங்கலாம்?

மதுரை கடை ஒன்றில் இரண்டு சமையலறை சிங்க்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள் என்று வையுங்கள். இரண்டும் 24க்கு 18 அங்குலம், 9 அங்குல ஆழம். இரண்டிலும் எஃகின் தரத்தைச் சொல்லும் ‘304’ என்ற ஸ்டிக்கர். விலை மட்டும் ஒன்று மற்றதைப்போல் இரட்டிப்பு.

முதலில் தகட்டின் கனம். 18 கேஜ் என்றால் ஏறக்குறைய 1.2 மில்லிமீட்டர், 22 கேஜ் என்றால் சுமார் 0.8. கேஜ் எண் கூடக் கூடத் தகடு மெலியும். விளிம்பை அளந்து காட்டினால் நம்பிவிடாதீர்கள். விளிம்பை மடித்துக் கனமாகக் காட்டலாம். அச்சில் அழுத்தி எடுத்த தொட்டியில் மூலைகள் விளிம்பைவிட மெலிந்திருக்கும். எடை போட்டுப் பார்ப்பதே நல்லது. இந்த அளவுத் தொட்டிக்கு ஏறத்தாழ முக்கால் சதுர மீட்டர் தகடு வேண்டும். 1.2 மில்லிமீட்டரில் அது ஏழு கிலோ அளவில் நிற்கும், 0.8இல் நாலரை, ஐந்து கிலோவைத் தாண்டாது. கழிவுக் குழாய்ப் பொருள்களைக் கழற்றிவிட்டு நிறுங்கள். அடியில் ஒட்டிய ரப்பரும் எடையில் சேரும் என்பதை மறக்க வேண்டாம்.

அடுத்தது எஃகின் தரம். என் பார்வையில் விலையில் முக்கியமான வித்தியாசம் இதில்தான். 304இல் ஏறத்தாழ 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். அதைவிட மலிவான 202 என்ற வகையில் நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டியிருப்பார்கள். காந்தம் வைத்துப் பார்ப்பது பயன்படாது: 202லும் காந்தம் ஒட்டாது, நல்ல 304 சிங்க்கின் வளைந்த மூலையில் சற்று ஒட்டவும் செய்யும். எவர்சில்வர், பழைய இரும்பு வியாபாரிகள் வைத்திருக்கும் சோதனைத் திரவம்தான் வழி. துடைத்த தகட்டில் ஒரு சொட்டு விட்டு, சிறு பேட்டரியின் முனைகளைத் தொட வைத்தால், மாங்கனீசு மிகுந்த தகட்டில் சில விநாடிகளில் சிவப்பு ஏறும். 304இல் அப்படி ஏறாது. கறை விழும் என்பதால் அடிப்பக்கத்தில் செய்யச் சொல்லுங்கள்.

உப்புப் போர்த் தண்ணீர் வரும் புறநகர் வீடுகளில் இந்த வித்தியாசம் சீக்கிரம் தெரிந்துவிடும். 202இல் கழிவுத் துளையைச் சுற்றியும் வெல்டிங் ஓரத்திலும் பழுப்புப் புள்ளிகள் முதலில் வரும். ஆனால் 304க்கும் எல்லை உண்டு. பிளீச்சிங் பவுடர் கரைசலை இரவு முழுக்கத் தேங்கவிட்டால் அதிலும் குழி விழும்.

கடைசியாக, சத்தத்தை அடக்க அடியில் ஒட்டும் பட்டை. கடையில் விரலால் தட்டி ‘சத்தமே இல்லை’ என்பார்கள். பட்டை ஒட்டாத இடத்தில் தட்டுங்கள். மெல்லிய தகடு அங்கே தகரம்போல் அதிரும். அடிப்பரப்பையும் பக்கங்களையும் மூடிய கனமான ரப்பர் பட்டை, கிரைண்டர் கல்லைக் கழுவும்போது எழும் சத்தத்தை நன்றாக அடக்கும். நடுவில் ஒட்டிய சின்னத் துண்டு அவ்வளவு அடக்காது; நகத்தால் நெம்பினால் கழன்று வருகிறதா என்றும் பாருங்கள்.

பணம் போதவில்லை என்றால் 1.2 மில்லிமீட்டர் 202ஐவிட 1 மில்லிமீட்டர் 304ஐ எடுங்கள். பட்டையைப் பிறகும் ஒட்டிக்கொள்ளலாம், எஃகை மாற்ற முடியாது. தரத்தையும் மில்லிமீட்டரையும் பில்லில் எழுதித் தரச் சொல்லி வாங்குங்கள். எழுத மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.