கோயில் கல்யாணத்துக்கு என்ன உடுத்துவது: மூன்று செய்திகளை வைத்து ஓர் அலசல்

அண்ணன் மகளின் திருமணம் கார்த்திகை மாதத்தில், சேலம் சுகவனேஸ்வரர் கோயிலில் காலை முகூர்த்தமாக நிச்சயமானது. மறுநாள் இரு வீட்டாரும் நெருங்கிய நண்பர்களும் ஏற்காட்டுக்குச் சென்று சேர்வராயன் கோயிலில் வழிபடுவதாக ஏற்பாடு. விருந்தினருக்கு உடை பற்றிய சிறு குறிப்பு ஒன்றை வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும் என்று முடிவானபோது வீட்டிலேயே மூன்று வரைவுகள் உருவாயின. முதலிரண்டும் அனுப்பப்பட்டு, அவற்றால் வந்த தொலைபேசி அழைப்புகளைப் பார்த்த பிறகுதான் மூன்றாவதை எழுதும் வேலை என்னிடம் வந்தது. மூன்றையும் அருகருகே வைத்துப் பார்த்தால், எது எங்கே பயன்படும், எது எங்கே சறுக்கும் என்பது தெளிவாகத் தெரிகிறது.

முதலாவது அண்ணன் எழுதியது: “அனைவரும் நமது பாரம்பரிய உடையில் வருகை தந்து மணமக்களை வாழ்த்துமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.” ஒரே வாக்கியம், யாரையும் புண்படுத்தாத மொழி. அழைப்பிதழின் அடியில் அச்சிட இதைவிடப் பொருத்தமானது கிடையாது என்றே இப்போதும் நினைக்கிறேன். அறுபதைக் கடந்தவர்களுக்கு இந்தக் குறிப்பே தேவையில்லை. ஆனால் யாருக்கு உண்மையிலேயே வழிகாட்டுதல் வேண்டுமோ, அவர்களுக்கு இந்த வாக்கியம் எதையும் சொல்வதில்லை. பெங்களூருவில் மணப்பெண்ணோடு வேலை பார்க்கும் நண்பர்களுக்குப் பாரம்பரிய உடை என்றால் ஷெர்வானியும் லெஹங்காவும்தான். ஒருவர் ஷெர்வானியை வாடகைக்கு எடுத்த பிறகு, “வேட்டிதான் கட்ட வேண்டுமா?” என்று கேட்டார். கோயிலுக்குள் ஷெர்வானியைத் தடுப்பவர் யாரும் இல்லை. ஆனால் கல் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தால்தான் அதன் இறுக்கம் புரியும்.

இரண்டாவது வரைவு மணப்பெண்ணின் தம்பியுடையது. அது இருபது வரிக்கு மேல் நீண்டது. பெண் வீட்டுப் பெண்கள் அனைவரும் மாம்பழ மஞ்சள் புடவை, ஆண்கள் வெள்ளை வேட்டியும் கிளிப்பச்சைச் சட்டையும், நண்பர்கள் இளநீலம் என்று ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு நிறம் ஒதுக்கியிருந்தான். அதன் கீழே தவிர்க்க வேண்டியவை: ஜீன்ஸ், லெக்கிங்ஸ், கையில்லாத மேலாடை, கருப்பு நிறம், வெள்ளைப் புடவை. புகைப்படத்தில் எல்லாம் ஒரே சீராக இருக்க வேண்டும் என்பது அவனுடைய எண்ணம். அதில் தவறொன்றும் இல்லை. இதே எண்ணம் நன்றாக நிறைவேறிய கல்யாணங்களையும் பார்த்திருக்கிறேன். அங்கெல்லாம் வீட்டுப் பெண்கள் இருபது பேரும் சேர்ந்து இளம்பிள்ளைக்குப் போய், ஒரே தறிக்காரரிடம் ஒரே சாயத்தில் போட்ட புடவைகளை மொத்தமாக எடுத்து வந்திருந்தார்கள்.

நிறத்தைச் செய்தியில் மட்டும் சொல்லிவிட்டு, வாங்குவதை அவரவரிடம் விட்டால் என்ன ஆகும் என்பதை ஒரு வாரத்திலேயே கண்டோம். மாம்பழ மஞ்சள் என்று எடுத்த ஐந்து புடவைகளைக் கூடத்தில் விரித்து வைத்தபோது ஒன்று எலுமிச்சை, ஒன்று மஞ்சள் கிழங்கு, ஒன்று பொன், ஒன்று ஏறக்குறைய ஆரஞ்சு. ஐந்தாவது மட்டுமே மாம்பழம். இதில் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. மஞ்சள் என்ற பெயர் ஒன்று, அதன் கீழ் வரும் நிறங்கள் பத்து. ஒவ்வொரு கைபேசித் திரையும் வேறொரு மஞ்சளைக் காட்டுகிறது. பட்டாக இருந்தால் சிக்கல் இன்னும் கூடும்: பாவு ஒரு நிறத்திலும் ஊடை வேறு நிறத்திலும் ஓடும் புடவை, வெயிலில் ஒரு நிறமாகவும் மண்டபத்து விளக்கில் வேறு நிறமாகவும் தெரியும். ஒரே நிறம் என்று அறிவித்த பிறகு ஐந்து நிறமாக நிற்பதைவிட, ஒன்றும் சொல்லாமல் பல நிறத்தில் நிற்பது புகைப்படத்தில் எவ்வளவோ மேல்.

நிறப் பொருத்தமாவது அழகு சம்பந்தப்பட்ட விஷயம். தவிர்க்க வேண்டியவற்றின் பட்டியலில் இருந்த இரண்டு சொற்கள் அதைவிட ஆழமாகத் தைத்தன. செய்தி போன அன்று மாலை ஆத்தூரிலிருந்து அத்தை அழைத்தார். கணவரை இழந்து பல ஆண்டுகள் ஆகியும், யார் எவ்வளவு சொல்லியும் வெள்ளைச் சேலையை விடாதவர். “கண்ணு, நான் வெள்ளைச் சீலதானே கட்டறேன். வரட்டுமா, இல்ல வூட்லயே இருந்துக்கட்டுமா?” என்று கேட்டார். குரலில் கோபம் துளியும் இல்லை. எழுதியவனுக்கு அவர் நினைவே வந்திருக்காது. மேலைநாட்டு மணப்பெண்ணின் வெள்ளை கவுனைப் பற்றி எங்கோ பார்த்த விதியை அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறான். நம் வீட்டுக் கல்யாணத்தில் மணப்பெண் அரக்குப் பட்டில் உட்கார்ந்திருக்க, விருந்தாளி வெள்ளை உடுத்தினால் யாருக்கு என்ன இடைஞ்சல்?

இரண்டாவது சொல் கருப்பு. சுப காரியத்துக்குக் கருப்பு வேண்டாம் என்பது நம்மிடையே பொதுவாக உள்ள வழக்கம்தான். ஆனால் சில குடும்பங்களில் சீமந்தத்துக்குக் கருப்புப் புடவையே முறை என்பதையும், கார்த்திகை முதல் நாளிலிருந்து ஐயப்பனுக்கு மாலை போட்டவர்கள் கருப்போ நீலமோ காவியோ உடுத்துவார்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது. எங்கள் உறவிலேயே நான்கு பேர் மாலை போட்டிருந்தார்கள். கோயிலில் நடக்கும் கல்யாணத்துக்கு விரத உடையில் வருகிறவரை நிறத்தைச் சொல்லித் தயங்க வைப்பதைப் போன்ற முரண் வேறு இருக்க முடியாது.

இவற்றுக்குப் பிறகு நான் எழுதி அனுப்பியது இது: “வணக்கம். முகூர்த்தம் கோயிலுக்குள் நடைபெறுகிறது. தரையில்தான் அமர வேண்டியிருக்கும். ஆண்களுக்கு வேட்டி சட்டை சிறப்பு. வேட்டி இல்லாதவர்கள் பேன்ட் சட்டையில் வரலாம். பெண்கள் புடவை, தாவணி அல்லது துப்பட்டாவுடன் சுடிதார் அணியலாம். மணப்பெண் அரக்கு நிறம் உடுத்துகிறார். மற்றபடி உங்களிடம் இருக்கும் எந்த நிறமும் எங்களுக்கு மகிழ்ச்சியே. மாலை அணிந்த சாமிமார்கள் தங்கள் உடையிலேயே வரவும். ஐயம் இருந்தால் இந்த எண்ணுக்கு அழைக்கவும்.”

இந்த வரைவில் உடைகளின் பெயர்களை நானாகத் தேர்ந்தெடுக்கவில்லை. 2016 ஜனவரி 1 முதல் தமிழகக் கோயில்களில் உடைக் கட்டுப்பாட்டை நடைமுறைப்படுத்தச் சொல்லி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஓர் உத்தரவு பிறப்பித்தது பலருக்கு நினைவிருக்கும். ஆண்களுக்கு வேட்டி அல்லது பைஜாமாவுடன் மேல்துணி, அல்லது பேன்ட் சட்டை. பெண்களுக்குப் புடவை, தாவணி, மேல்துணியுடன் சுடிதார் என்பது அதன் சாரம். அந்த மாதத்திலேயே அது நிறுத்தி வைக்கப்பட்டதால் இன்று சட்டமாக அதைக் காட்ட முடியாது. ஆயினும் நம் ஊர்க் கோயில்களில் யாரும் முகம் சுளிக்காத உடைகள் எவை என்பதற்கு அந்தப் பட்டியல் நல்ல அளவுகோல். கூடுதலாகக் கேட்கும் கோயில்களும் உண்டு என்பதால், அனுப்பும் முன் கோயில் அலுவலகத்தில் ஒருமுறை கேட்டுவிடுவது நல்லது.

தம்பியின் வரைவுடன் ஒப்பிடும்போது இதிலுள்ள முக்கியமான வேறுபாடு, ‘தவிர்க்கவும்’ என்ற சொல் ஓரிடத்திலும் இல்லாததுதான். ஜீன்ஸ் வேண்டாம் என்று எழுதினால், படிப்பவர் ஜீன்ஸுக்குப் பதில் எது என்று தானே ஊகிக்க வேண்டும். பேன்ட் சட்டை போதும் என்று எழுதினால் அலமாரியைத் திறந்து எடுத்துக்கொள்வார். மணப்பெண்ணின் நிறத்தைச் சொல்லிவிட்டால், அதை உடுத்தாதீர்கள் என்று சொல்லாமலே புரிந்துவிடுகிறது. நீளமும் ஒரு காரணம்: நெடிய செய்தியை வாட்ஸ்அப் பாதியில் மடித்துவிடும், தம்பியின் இருபது வரியில் பலர் முதல் பத்தைத் தாண்டவே இல்லை.

இந்த வரைவிலும் குறை இருந்தது. வேட்டி என்று எழுதினேனே ஒழிய எந்த வேட்டி என்று எழுதவில்லை. பெங்களூரு நண்பர் ஷெர்வானியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, செவ்வாய்ப்பேட்டையில் நாலு முழ வேட்டி ஒன்றை வாங்கிக் கட்டி வந்தார். ஒற்றைச் சுற்று, மெல்லிய நெசவு. வெளிச்சத்துக்கு எதிரே நின்றபோது உள்ளே இருந்த கோடு போட்ட டிரவுசர் அத்தனை கோடுகளுடன் தெரிந்தது. எட்டு முழ வேட்டியை இரட்டையாக மடித்துக் கட்டினால் இந்தச் சங்கடமே கிடையாது. கட்டிப் பழகாதவர்களுக்கு இடுப்பில் ஒட்டும் பட்டை வைத்து வருவதே பாதுகாப்பு. சேலம் வெண்பட்டு வேட்டிதான் வேண்டும் என்று விருந்தாளியைக் கேட்பது நியாயமில்லை; அது மாப்பிள்ளைக்கும் சம்பந்திகளுக்கும் வீட்டார் எடுத்துக் கொடுக்க வேண்டியது.

ஏற்காட்டுக்கு உரியதை இதே செய்தியில் சேர்க்கலாமா, தனியாக அனுப்பலாமா என்பதிலும் கருத்து வேறுபாடு இருந்தது. சேர்த்தால் ஒரே செய்தியோடு முடியும் என்றார் அண்ணன். நான் பிரித்தேன், காரணம், இரண்டு இடங்களுக்கும் ஏற்ற உடை ஏறத்தாழ எதிரெதிரானது. சேர்வராயன் கோயில் சுமார் 5,300 அடி உயரத்தில் உள்ள குகைக் கோயில். கூரை தாழ்ந்திருப்பதால் குனிந்துதான் உள்ளே போக வேண்டும். மழைக்காலத்தில் பாறை கசிந்து தரை ஈரமாகிவிடும். முதல் நாள் கம்பீரமாக இருந்த எட்டு முழ வேட்டியின் கரை இங்கே சேற்றில் தோயும், பட்டுப் புடவையில் நீர்த்துளி பட்ட இடமெல்லாம் திட்டாக நிற்கும். ஆகவே முந்தின நாள் இரவு மூன்றே வரிகள் அனுப்பினேன்: “நாளை குகைக்குள் குனிந்து செல்ல வேண்டும், பட்டு வேண்டியதில்லை, துவைக்கும்படியான பருத்திப் புடவை, சுடிதார், பேன்ட் எதுவும் சரி. மலையில் குளிரும், சால்வை அல்லது ஸ்வெட்டர் கொண்டு வரவும். வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும். கால் துடைக்க ஒரு துண்டு வைத்துக்கொள்ளவும்.”

அத்தைக்கு மட்டும் எந்தச் செய்தியையும் அனுப்பாமல் நேரில் போய் அழைத்து வந்தோம். வெள்ளைச் சேலையிலேயே முன்வரிசையில் உட்கார்ந்து அட்சதை போட்டார்.

தை மாதத்தில் பங்காளி வீட்டுக் கல்யாணத்துக்கும் இதே குறிப்பைக் கேட்டார்கள். சாமிமார்கள் மலையிலிருந்து திரும்பி மாலையைக் கழற்றியிருப்பார்கள் என்பதால் அந்த வரியை எடுத்துவிட்டு, வேட்டி என்ற சொல்லுக்கு முன்னால் ‘எட்டு முழ’ என்பதைச் சேர்த்துக் கொடுத்தேன்.