‘ஜீரோ டிரஸ்ட்’ என்ற பெயரில் எங்களுக்கு விற்கப்பட்ட பழைய வி.பி.என். – ஐ.டி. மேனேஜர்கள் கவனத்துக்கு

எங்கள் நிறுவனத்துக்கு ஒரு வெண்டர் ‘ஜீரோ டிரஸ்ட்’ தீர்வு ஒன்றை விற்றார். பர்ச்சேஸ் ஆர்டரிலும் பில்லிலும் அந்தப் பெயர்தான் இருக்கிறது. உள்ளே திறந்து பார்த்தால், வாசலில் ஓ.டி.பி. கேட்கும் வி.பி.என்., அவ்வளவுதான். வெண்டரின் பெயரை எழுத எனக்கு அனுமதி இல்லை. ஆனால் இதே வேலையை இன்னும் பல இடங்களில் செய்துகொண்டிருப்பார்கள் என்பதால், என்ன நடந்தது, எப்படிக் கண்டுபிடித்தோம் என்பதை எழுதி வைக்கிறேன்.

முதலில் எதை வாங்க நினைத்தோம் என்று சொல்லிவிடுகிறேன். பழைய அலுவலக நெட்வொர்க்கில் உள்ளே, வெளியே என்று இரண்டே உலகம். நடுவில் ஃபயர்வால். வெளியிலிருந்து வருபவர் வி.பி.என். வழியாக ஒரு உள் ஐ.பி. முகவரி வாங்கிக்கொண்டால் அவரும் உள்ளே இருப்பவர்தான். அதன்பிறகு பைல் சர்வரோ, டேட்டாபேஸோ, பக்கத்து மேஜை லேப்டாப்போ, எதையும் அவர் தட்டிப் பார்க்கலாம். 2013-ல் அமெரிக்கக் கடைச் சங்கிலியான டார்கெட் நிறுவனத்தில் நடந்தது இதுதான். ஏ.சி., குளிர்பதன வேலை பார்த்த ஒப்பந்ததாரரின் லாகினைத் திருடி உள்ளே நுழைந்தவர்கள், அங்கிருந்து நகர்ந்து நகர்ந்து கடைகளின் பில்லிங் மெஷின்கள் வரை போய், சுமார் 4 கோடி கார்டு விவரங்களை எடுத்தார்கள். ஏ.சி. ஒப்பந்ததாரருக்கும் பில்லிங் மெஷினுக்கும் என்ன சம்பந்தம் என்று நெட்வொர்க்கில் யாரும் கேட்கவில்லை.

அதைக் கேட்பதுதான் ஜீரோ டிரஸ்ட். ஃபாரெஸ்டர் என்ற ஆய்வு நிறுவனத்தில் இருந்த ஜான் கிண்டர்வாக் 2010-ல் இந்தப் பெயரைப் பரப்பினார். அமெரிக்க அரசின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2020 ஆகஸ்டில் வெளியிட்ட 800-207 ஆவணம் அதற்கு முறையான வடிவம் கொடுத்தது. நீங்கள் எந்த நெட்வொர்க்கில் இருக்கிறீர்கள் என்பதால் மட்டும் எந்த உரிமையும் வராது. ஆள் யார், எந்த மெஷின், அது இப்போது எந்த நிலையில் இருக்கிறது, கேட்பது எந்த அப்ளிகேஷன் என்று பார்த்து, அந்த ஒரு அப்ளிகேஷனுக்கு, அந்த ஒரு செஷனுக்கு மட்டும் கதவு திறக்க வேண்டும். நிலைமை மாறினால் திறந்த கதவு மூடவும் வேண்டும்.

டெமோவில் இதெல்லாம் அழகாக நடந்தது. ஒரு வெப் அப்ளிகேஷனைக் காட்டினார்கள். அனுமதி உள்ளவருக்குத் திறந்தது, இல்லாதவருக்கு அந்த அப்ளிகேஷன் இருப்பதே தெரியவில்லை. கையெழுத்தானது. எல்லா லேப்டாப்பிலும் ஏஜென்ட் போட்டார்கள், ஏஜென்ட்டிலிருந்து வரும் இணைப்பை உள் சர்வர்களுக்குக் கொண்டுசேர்க்கும் கனெக்டரை டேட்டா சென்டரில் வைத்தார்கள், வேலை முடிந்தது என்று ஒப்புதல் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

சந்தேகம் வந்தது ஒரு லாகில்தான். அக்கவுன்ட்ஸ் பிரிவில் ஒரு லேப்டாப்பில் வைரஸ் அலர்ட் வந்ததால், அது எங்கெல்லாம் போய்த் தொட்டிருக்கிறது என்று உள் ஃபயர்வால் லாகில் தேடினோம். எந்த வரியைப் பார்த்தாலும் அனுப்பியவர் முகவரி ஒன்றே ஒன்று: கனெக்டரின் ஐ.பி. வெளியிலிருந்து வந்த அத்தனை பேரின் போக்குவரத்தும் அந்த ஒரே முகவரியில் கலந்து வந்திருந்தது. பழைய வி.பி.என்.னில்கூட ஆளுக்கொரு முகவரியாவது இருந்தது! சரி, ஆள் பெயர் வெண்டரின் போர்ட்டல் லாகில் இருக்கும் என்று உள்ளே போனோம். அங்கேதான் பாலிசிப் பக்கத்தைப் பார்த்தோம். முதல் நாளே எங்களுக்கு ரீட்-ஒன்லி அக்சஸ் கேட்டும், இன்ஸ்டாலேஷன் முடியட்டும் என்று தள்ளிப்போட்டிருந்த பக்கம் அது. டெமோவில் காட்டிய அப்ளிகேஷனுக்கு ஒரு நல்ல விதி. அதன் கீழே இது:

```
Name   : discover-all
Target : *.corp.local, 10.0.0.0/8
Ports  : TCP 1-65535, UDP 1-65535
Users  : All Employees
Action : Allow
```

இந்த மாதிரி விதி தற்காலிகமாகப் போடப்படுவது சகஜம். யார் எந்தச் சர்வரைப் பயன்படுத்துகிறார்கள் என்று நிறுவனத்துக்கே முழுசாகத் தெரியாது. அதனால் சில வாரம் எல்லாவற்றையும் திறந்து வைத்து, வரும் போக்குவரத்தைப் பார்த்து, அப்ளிகேஷன் வாரியாகத் தனித்தனி விதி எழுதிவிட்டு, கடைசியில் இதைத் தூக்க வேண்டும். நிஜமான வேலை அந்த நடு வாரங்களில்தான் இருக்கிறது. பழைய அப்ளிகேஷன்கள் சில ஐ.பி. முகவரியை புரோகிராம் கோடிலேயே எழுதி வைத்திருக்கும். சிலவற்றில் சர்வர் திரும்பி யூசரின் மெஷினைக் கூப்பிடும், கனெக்டரோ பெரும்பாலும் ஒரு திசையில்தான் வேலை செய்யும். இதில் ஒவ்வொன்றாக உட்கார்ந்து சிக்கெடுக்க வேண்டும். எங்களிடம் வந்த இன்ஜினியர்கள் அதைச் செய்யவே இல்லை. எல்லாம் திறந்திருப்பதால் எல்லாம் ஓடுகிறது, யாரும் புகார் சொல்வதில்லை, வேலை முடிந்தது.

வெண்டரைக் கூப்பிட்டுக் கேட்டோம். ‘அந்த விதி சும்மா லாகுக்காகத்தான் சார், அதன் வழியாக யாரும் போக முடியாது’ என்றார் அவர்களுடைய புராஜெக்ட் மேனேஜர். சரி, பார்த்துவிடலாம் என்று அக்கவுன்ட்ஸ் யூசர் ஒருவரின் லாகினில், வீட்டு இன்டர்நெட்டிலிருந்து, அவருக்குச் சம்பந்தமே இல்லாத ஹெச்.ஆர். டேட்டாபேஸைத் தட்டினோம்:

```
Test-NetConnection 10.20.4.15 -Port 1433
TcpTestSucceeded : True
```

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு, வெண்டரும் அதைத்தான் பிடித்துக்கொண்டார். சில ஏஜென்ட்கள் லேப்டாப்பிலேயே இணைப்புக்குப் பதில் சொல்லிவிடும், அதனால் `True` என்று வந்தாலே சர்வர் வரை போனதாக அர்த்தமில்லை என்றார். சொன்னது உண்மைதான். அதனால் நீங்கள் சோதிக்கும்போது லேப்டாப் பக்கத்தோடு நிறுத்தாதீர்கள். அந்த லேப்டாப்பில் எஸ்.க்யூ.எல். கிளையன்டை இணைக்க வைத்து, அந்த இணைப்பு திறந்திருக்கும்போதே சர்வரில் இதை ஓட்டினோம்:

```
netstat -ano | findstr :1433
```

கனெக்டரின் முகவரியிலிருந்து `ESTABLISHED` என்று நின்றது. அதற்குப் பிறகு அந்த மேனேஜர் லாக் கதையை எடுக்கவில்லை.

அடுத்து, ஆளை நிறுத்திப் பார்த்தோம். ஒரு சோதனை யூசரை ரிமோட் டெஸ்க்டாப்பில் உட்கார வைத்து, டைரக்டரியில் அவர் அக்கவுன்ட்டை டிசேபிள் செய்தோம். புது லாகின் நின்றது. ஆனால் திறந்திருந்த செஷன் அப்படியே ஓடியது, பைல் காப்பிகூட நிற்கவில்லை. காரணம், காலையில் ஒருமுறை கொடுத்த டோக்கன் 12 மணி நேரம் செல்லும் என்று செட்டிங் இருந்தது, நடுவில் யாரும் மறுபடி கேட்பதே இல்லை. லேப்டாப்பின் நிலையும் அப்படித்தான். லாகின் நேரத்தில் ஆன்டிவைரஸ் ஓடுகிறதா என்று பார்க்கும், உள்ளே வந்தபிறகு அதை நிறுத்திவிட்டாலும் ஒன்றும் ஆகாது. வேலையை விட்டு நிறுத்தப்பட்ட ஒருவர் மதியம் முழுவதும் பைல்களை இறக்கிக்கொண்டிருக்க இது போதும். டைரக்டரியில் ஒரு மாற்றம் நடந்தால் கேட்வேக்குத் தகவல் போய் செஷன் வெட்டப்படுவதற்கு ஓப்பன் ஐ.டி. அமைப்பின் ஷேர்டு சிக்னல்ஸ் என்ற பொதுத் தரமே இருக்கிறது. எங்கள் பிராடக்டில் அது வேறு லைசென்ஸில் வருமாம். விற்கும்போது ஒரு வார்த்தை சொல்லவில்லை.

எனக்கு மிகவும் எரிச்சல் வந்தது இதற்கெல்லாம் இல்லை. அலுவலகத்துக்குள் வந்து லேப்டாப்பைத் திறந்தால், டாஸ்க்பாரில் ஏஜென்ட்டின் ஐகான் சாம்பல் நிறமாகிவிடும். மவுஸை மேலே வைத்தால் `Trusted Network - Inactive` என்று வரும். அலுவலக டி.என்.எஸ். சர்வர் தென்பட்டதும் ஏஜென்ட் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும்படி செட் செய்திருந்தார்கள். வேகம் குறையாமல் இருக்கவாம். அதாவது அலுவலகத்துக்கு உள்ளே எந்தச் சோதனையும் கிடையாது, பழைய மாதிரி அப்படியே இருக்கிறது. மீட்டிங் ரூமில் இருக்கும் நெட்வொர்க் பாயின்ட்டில் யாராவது ஒரு மெஷினைச் செருகினால், அதில் ஏஜென்ட் இல்லாவிட்டாலும் டேட்டாபேஸ் பதில் சொல்கிறது. பின்வாசலைத் திறந்துபோட்டுவிட்டு முன்வாசலில் இரண்டு காவலாளி வைத்த கதை. எங்கிருந்து வந்தாலும் ஒரே மாதிரிதான் சோதிக்க வேண்டும் என்று நிஸ்ட் ஆவணம் அடிப்படை விதிகளிலேயே சொல்கிறது. தன்னை ‘டிரஸ்டட் நெட்வொர்க்’ என்று கூப்பிடும் செட்டிங் ஒரு ஜீரோ டிரஸ்ட் பிராடக்டுக்குள் இருப்பதைப் பார்த்து எங்கள் நெட்வொர்க் அட்மின் வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

இத்தனையையும் எழுதி அனுப்பினோம். விதிகளை இறுக்குவது ‘ஆப்டிமைசேஷன் ஃபேஸ்’, அதற்குத் தனிக் கட்டணம் என்று பதில் வந்தது. ஒப்பந்தத்தைத் திரும்பப் புரட்டினால் யூசர் எண்ணிக்கை, கனெக்டர் எண்ணிக்கை, சப்போர்ட் நேரம் எல்லாம் இருக்கிறது. பாலிசி எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு வரி இல்லை, டிராஃப்ட் அவர்களுடையது. பணம் திரும்பவில்லை.

இப்போது நாங்களே செய்துகொண்டிருக்கிறோம். டேட்டாபேஸ் சர்வர்களில் ஆரம்பித்தோம். அவற்றுக்கு முன்னால் ஃபயர்வாலில், அப்ளிகேஷன் சர்வரைத் தவிர வேறு யாரும், கனெக்டர் உட்பட, வரக்கூடாது என்று பூட்டினோம். இது பிராடக்டை நம்பாமல் அதே நாளில் செய்யக்கூடிய வேலை. பிறகு பொதுவான அந்த ஒரு விதியைப் பிரிவு வாரியாக உடைத்து வருகிறோம். இரண்டு பழைய அப்ளிகேஷன்கள் உடைந்தன, அவற்றுக்குத் தனி ரிமோட் டெஸ்க்டாப் வைத்துச் சமாளிக்கிறோம். பிரின்டர், கேமரா, வருகைப் பதிவு மெஷின் இவற்றில் எந்த ஏஜென்ட்டும் ஏறாது. அவற்றைத் தனி வி.லேனில் ஒதுக்குவதைத் தவிர வழியில்லை, எந்த வெண்டர் என்ன சொன்னாலும். அலுவலகத்துக்குள்ளும் ஏஜென்ட்டை ஓட வைத்திருக்கிறோம். பெரிய பைல்களில் வேகம் கொஞ்சம் குறைகிறது, உண்மை. அதற்குப் பரிகாரம் அலுவலகத்துக்குள்ளேயே ஒரு கேட்வே வைப்பது, ஏஜென்ட்டைத் தூங்கவைப்பது அல்ல.

நீங்கள் வாங்கப்போகிறீர்கள் என்றால், டெமோவை அவர்கள் காட்டும் வெப் அப்ளிகேஷனில் பார்க்காதீர்கள். உங்களிடம் இருப்பதிலேயே பழைய, மோசமான அப்ளிகேஷனைக் கொடுத்துக் காட்டச் சொல்லுங்கள். பாலிசிப் பக்கத்துக்கு முதல் நாளிலிருந்தே ரீட்-ஒன்லி அக்சஸ் வேண்டும் என்று கேளுங்கள். ஒப்பந்தத்தில் இவற்றை உங்கள் வார்த்தையில் எழுதி வாங்குங்கள்: ஸ்டார் போட்ட எந்த விதிக்கும் காலாவதித் தேதி இருக்க வேண்டும், அது தீர்ந்ததும் ‘அனுமதி மறுப்பு’ என்பதே கடைசி விதியாக நிற்க வேண்டும். அக்கவுன்ட்டை நிறுத்தினால் ஓடும் செஷன் இத்தனை நிமிடத்தில் வெட்டப்பட வேண்டும். உள் சர்வரின் லாகில் வந்த இணைப்பை ஆள் பெயரோடு பொருத்திக் காட்ட வேண்டும். அலுவலகத்துக்குள்ளும் இதே சோதனைகள் தேற வேண்டும். கடைசித் தவணைப் பணத்தை இந்தச் சோதனைகளோடு கட்டிவிடுங்கள். இந்தப் பத்தியைப் படித்ததும் ‘இதெல்லாம் செகண்ட் ஃபேஸில் பார்த்துக்கொள்ளலாம் சார்’ என்று சேல்ஸ் ஆள் சொன்னால், செகண்ட் ஃபேஸின் விலையையும் இப்போதே எழுத்தில் கேளுங்கள்.