‘தெரியாமல் உங்கள் போனுக்கு வந்துவிட்டது, அந்த ஆறு இலக்க எண்ணை அனுப்புங்கள்’ என்று கேட்டால் அனுப்பாதீர்கள்

வீட்டில் புதிதாக ஸ்மார்ட்போன் பழகும் பெரியவர்கள் இருந்தால் இதைப் படித்துவிட்டு அவர்களிடமும் சொல்லுங்கள். என் அப்பாவின் வாட்ஸ்அப் கணக்கை ஒருவன் பறித்துக்கொண்டு, அப்பா கேட்பது போலவே சொந்தக்காரர்களிடம் பணம் கேட்டான். சித்தப்பா அனுப்பியும்விட்டார், அந்தப் பணம் இன்னும் திரும்பவில்லை.

அப்பா ஓய்வுபெற்ற பிறகுதான் இந்த போன். நான் தூரத்தில் இருப்பதால் ஒவ்வொன்றாகச் செய்தியில்தான் சொல்லிக்கொடுத்தேன். அப்பா எதையும் கடிதம் போலத்தான் எழுதுவார்.

“அன்பு மகளுக்கு, நீ சொன்னபடி செய்தியை அழுத்திப் பிடித்தேன், நகலெடுக்கும் குறி வந்தது. இனி என்ன? அப்பா.”

“சூப்பர்ப்பா. இப்ப வேற ஒருத்தரோட செய்திப் பெட்டிக்குப் போய் அழுத்திப் பிடிங்க, ஒட்டச் சொல்லிக் கேட்கும்.”

“ஒட்டினேன். நன்றாக வருகிறது. அப்பா.”

அதற்கு அடுத்த வாரம், அப்பாவோடு வேலை பார்த்த நண்பரின் கணக்கிலிருந்து அவருக்கு ஒரு செய்தி: “என்னுடைய கோட் தவறுதலாக உங்கள் போனுக்கு வந்திருக்கும், அனுப்பிவைக்க முடியுமா?” சொன்னபடியே ஆறு இலக்க எண்ணோடு ஒரு எஸ்எம்எஸ் வந்தது. யாரிடமும் பகிராதீர்கள் என்று அதிலேயே ஆங்கிலத்தில் இருந்தது. ஆனால் கேட்டவர் பல வருடப் பழக்கம், படமும் அவருடையது. அப்பா நகலெடுத்து ஒட்டி அனுப்பிவிட்டார். அந்த நண்பரின் கணக்கு ஏற்கெனவே திருடு போயிருந்தது. இந்த மோசடி இப்படித்தான் ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குப் போகிறது, அதனால்தான் தெரியாத எண்ணிலிருந்து வருவதைவிடத் தெரிந்தவர் பெயரில் வருவது ஆபத்து.

உண்மையில் நடந்தது இதுதான்: திருடன் தன் போனில் வாட்ஸ்அப்பைத் திறந்து அப்பாவின் எண்ணைப் போட்டிருக்கிறான், எண் உங்களுடையதுதானா என்று சரிபார்க்க வரும் கோட் அப்பாவுக்குத்தானே வரும். அது கைக்கு வந்ததும் கணக்கு அவன் போனுக்கு மாறிவிட்டது, அப்பா வெளியே தள்ளப்பட்டார். பழைய உரையாடல்கள் அப்பாவின் போனில்தான் இருக்கும், அவை அவனுக்குக் கிடைக்காது. ஆனால் அப்பா இருக்கும் குழுக்களும் அவற்றில் உள்ள எல்லோருடைய எண்களும் கிடைத்துவிடும்.

அன்று மாலை அப்பாவின் எண்ணிலிருந்து எனக்கு வந்தது இது:

“பிஸியா? ஒரு அவசரம், கொஞ்சம் பணம் அனுப்ப முடியுமா, நாளைக்குத் தரேன். போன் பண்ணாதே, மைக் வேலை செய்யல.”

அன்பு மகளுக்கும் இல்லை, கடைசியில் அப்பாவும் இல்லை. படித்த உடனே இது அவர் இல்லை என்று தெரிந்துவிட்டது. சாதாரண அழைப்பில் கூப்பிட்டேன், முதல் மணியிலேயே எடுத்து, “வாட்ஸ்அப் திறக்கவே மாட்டேங்குதும்மா” என்றார். சித்தப்பாவுக்கு அப்பாவின் செய்தி நடை அவ்வளவு பழக்கமில்லை, பாவம்.

மீட்கும் வழி ஒன்றுதான், அதில் தாமதிக்கக் கூடாது. அதே எண்ணை உங்கள் போனில் மறுபடி பதிவு செய்து, எஸ்எம்எஸ்ஸில் வரும் புதுக் கோடைப் போட வேண்டும். எங்களுக்கு உடனே முடியவில்லை, சில மணி நேரம் கழித்து முயலச் சொன்னது. தவறான கோடைத் திரும்பத் திரும்பப் போட்டால் இப்படிக் காக்கவைக்கும், திருடர்கள் வேண்டுமென்றே அதைச் செய்வதுண்டு. ஒருவழியாகக் கோடைப் போட்டால், அடுத்து ஒரு பின் கேட்டது. அதை வைத்தவன் அவன். பின் தெரியாவிட்டால் 7 நாள் காத்திருந்துதான் உள்ளே போக முடியும், ஆனால் கோடைப் போட்ட அந்த நொடியே திருடன் வெளியே தள்ளப்பட்டுவிடுவான். அதனால் பின் கேட்கிறதே என்று பயந்து பாதியில் விடாதீர்கள்.

அந்த ஒரு வாரமும் எஸ்எம்எஸ்தான்.

“அன்பு மகளுக்கு, குழுவில் இருக்கும் எல்லோரையும் நோட்டில் எழுதி ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். தம்பி பேங்கில் புகார் கொடுத்திருக்கிறான். அப்பா.”

“சரிப்பா. உங்க மேல தப்பில்ல, உங்க நண்பர் பேரை வெச்சு ஏமாத்தியிருக்கான்.”

கணக்கு திரும்பியதும் முதலில் வாட்ஸ்அப்பில் Linked devices-ஐத் திறந்து, நமக்குத் தெரியாத கணினியோ போனோ இருந்தால் நீக்கினோம். அடுத்து Settings-இல் Account-க்குள் Two-step verification-இல் அப்பாவே ஒரு பின் வைத்தார், மறந்தால் மாற்றிக்கொள்ள மின்னஞ்சலும் சேர்த்தோம். இது முன்பே இருந்திருந்தால், கோட் கைமாறியும் அந்தத் திருடனால் உள்ளே போயிருக்க முடியாது, பின் கேட்கும் இடத்திலேயே நின்றிருப்பான். அந்தப் பின்னையும் யார் கேட்டாலும் கொடுக்கக் கூடாது. கோட் கேட்டு யார் பெயரில் செய்தி வந்தாலும், வாட்ஸ்அப்பில் பதில் போடாமல் சாதாரண அழைப்பில் அவரையே கூப்பிட்டுக் கேளுங்கள், அவருடைய கணக்கும் திருடு போனது அவருக்கே தெரியாமல் இருக்கலாம்.