டேட்டா தீர்ந்ததா, டவர் கோளாறா? நெட் படுத்துவிட்டால் பிரித்துப் பார்ப்பது எப்படி

ஒரு நாளைக்கு 2 ஜிபி என்று போட்டிருக்கும் திட்டத்தில், அந்த 2 ஜிபி முடிந்ததும் நெட் நின்றுவிடுவதில்லை. நின்றுவிட்டால் குழப்பமே இருக்காது. வேகம் மட்டும் தரைக்கு இறங்கிவிடும். சிக்னல் கட்டங்கள் நிறைய இருக்கும், மேலே 4ஜி என்றும் காட்டும், ஆனால் எதைத் தொட்டாலும் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். டவரில் கோளாறு வந்தாலும் கண்ணுக்குத் தெரிவது இதே சுற்றல்தான். தக்கலையில் ரீசார்ஜ் கடை வைத்திருக்கிற எனக்கு சாயங்காலம் வருகிற பாதிப் பேர் இந்தச் சுற்றலைத்தான் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். டவர் கோளாறுக்கு டேட்டா பேக் வாங்கிக் காசை விடுகிறவர்களும் உண்டு, டேட்டா தீர்ந்ததற்குப் புகார் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்களும் உண்டு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பிரித்துவிடலாம்.

வேகம் இறங்கும் விதம்

தினசரி வரம்பு முடிந்தபின் வேகத்தைக் கட்டுவது டவர் இல்லை. உங்கள் எண்ணுக்கு எவ்வளவு டேட்டா பாக்கி என்று கணக்கு வைத்திருக்கும் நிறுவனத்தின் மைய அமைப்புதான் கட்டுகிறது. தனியார் நிறுவனங்களின் வழக்கமான திட்டங்களில் அந்த வேகம் 64 கேபிபிஎஸ், பிஎஸ்என்எல் திட்டங்களில் பெரும்பாலும் 40 கேபிபிஎஸ். 64 என்றால் விநாடிக்கு 8 கிலோபைட். வாட்ஸ்அப்பில் வரும் 200 கிலோபைட் படம் ஒன்று இறங்க 25 விநாடி ஆகும். 5 எம்பி வீடியோ என்றால் பத்து நிமிஷத்துக்கு மேல். எழுத்துச் செய்தி மட்டும் போய்ச் சேரும்.

இந்த வேகத்துக்கு ஒரு அடையாளம் உண்டு: அது ஏறி இறங்காது. ஸ்பீடு டெஸ்ட் செயலி திறந்தால் 0.06 எம்பிபிஎஸ் பக்கமாகவே ஒரு கோடு போல நிற்கும். டவரில் கூட்டம் அதிகம் என்றால் ஒரு முறை 0.8, அடுத்த முறை 3, அப்புறம் 0.4 என்று துள்ளும். சிக்னல் பலவீனம் என்றாலும் அப்படித்தான், நாலு அடி நகர்ந்தாலே எண் மாறும்.

சிலர், “மெசேஜ்கூட போகல, முழுசா செத்துப் போச்சு” என்பார்கள். வரம்பு முடிந்த போனிலும் இது நடக்கும். பின்னால் போட்டோ பேக்கப்போ ஏதாவது ஆப் அப்டேட்டோ ஓடிக்கொண்டிருந்தால் அந்த 8 கிலோபைட்டையும் அதுவே விழுங்கிவிடும். பேக்கப்பையும் ஹாட்ஸ்பாட்டையும் அணைத்து ஒரு நிமிஷம் பொறுங்கள். செய்திகள் மெல்ல நகர ஆரம்பித்தால் வரம்புதான். எதை அணைத்தும் நகரவில்லை என்றால் கோளாறின் பக்கம் பார்க்க வேண்டும்.

குலசேகரம் அக்காவின் போன்

சமீபத்தில் குலசேகரம் பக்கமிருந்து ஒரு அக்கா வந்தார். “தம்பி, இன்னொரு டேட்டா பேக் போட்டுத் தாருங்க, ராத்திரி ஆனா நெட் சுத்திட்டே கெடக்கு” என்றார். இருங்க அக்கா, முதலில் கணக்கைப் பார்ப்போம் என்று நிறுவனத்தின் செயலியைத் திறந்தேன். அவருடையது நாளுக்கு 2 ஜிபி திட்டம். அன்றைக்குப் பாதிக்கு மேல் பாக்கி இருந்தது. முந்தைய நாட்களின் குறுஞ்செய்திகளையும் பார்த்தேன். பாதி தீர்ந்ததும் ஒரு செய்தி, முழுக்கத் தீரும் நேரத்தில் இன்னொன்று என்று நிறுவனங்கள் அனுப்புவது வழக்கம். அவருக்கு பாதிச் செய்தி மட்டும் வந்திருந்தது, தீர்ந்ததற்கான செய்தி எந்த நாளும் இல்லை. அதிலேயே வரம்பு என்ற சந்தேகம் பெரும்பாலும் போய்விட்டது.

அப்புறம் இரண்டு கேள்விகள்தான் கேட்டேன். நெட் சுற்றும் நேரத்தில் சாதாரண கால் எப்படி இருக்கும்? “அதுவும் விட்டு விட்டுத்தான் கேக்கும்.” பக்கத்து வீட்டில் இதே கம்பெனி சிம் இருக்கா, அவர்களுக்கு? “அங்கயும் இதே பாடுதான்.”

இந்த இரண்டு பதிலும் சேர்ந்தால் விஷயம் முடிந்தது. 4ஜி வழியாகப் போகும் சாதாரண கால் உங்கள் டேட்டா கணக்கில் சேருவதில்லை, அதற்குத் தனிப் பாதை உண்டு. வரம்பு முடிந்த போனில் நெட் படுத்திருந்தாலும் கால் தெளிவாகவே கேட்கும். காலும் சேர்ந்து கெட்டால் சிக்னலிலோ டவரிலோதான் கை வைக்க வேண்டும். பக்கத்து வீட்டு எண்ணுக்கும் அதே நேரம் அதே வரம்பு முடிவது தற்செயலாக ஒரு நாள் நடக்கலாம், தினமும் நடக்காது.

இன்னும் கொஞ்சம் பேசியதில் கரண்ட் போன பிறகுதான் இப்படி ஆகிறது என்பது தெரிந்தது. மழைக் காலத்தில் அந்தப் பக்கம் ரப்பர் மரக் கிளை விழுந்து மின்கம்பி போனால் அதைச் சரிசெய்ய நேரமாகும். டவரில் பேட்டரி இருக்கும், ஆனால் அதற்கும் ஒரு அளவு உண்டு. பேட்டரி தீர்ந்து பக்கத்து டவர் படுத்ததும் போன் தூரத்து டவரைத் தொற்றிக்கொள்ளும். கட்டம் ஒன்றிரண்டு காட்டும், நெட் நகராது. அக்காவுக்கு டேட்டா பேக் விற்கவில்லை. விற்றிருந்தால் அந்தக் காசு வீண்.

நீங்களே அளந்து பார்க்க Settings → About phone → SIM status போய் Signal strength பாருங்கள். சில போன்களில் இந்தப் பக்கத்தின் பெயர் கொஞ்சம் மாறியிருக்கும். 4ஜியில் -85 dBm பக்கம் இருந்தால் நல்ல சிக்னல், -115க்குக் கீழே போனால் நெட் தடுமாறுவதில் ஆச்சரியம் இல்லை. வரம்பு முடிந்த போனில் இந்த எண் நன்றாகவே இருக்கும்.

எளிதாக ஏமாற்றும் இரண்டு இடங்கள்

நள்ளிரவு 12 மணிக்கு நெட் சரியாகிவிட்டால் வரம்புதான் என்று பலரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்த நேரத்தில் புது நாள் டேட்டா வருவது உண்மைதான். ஆனால் டவரில் கூட்டம் குறைவதும் அந்த நேரத்தில்தான். இரவு எட்டு முதல் பதினொன்று வரை ஊரே வீடியோ பார்க்கும், அப்புறம் தூங்கப் போகும். ஆகவே எப்படிச் சரியானது என்று கவனிக்க வேண்டும். வரம்பு என்றால் 11:55க்கும் 0.06தான், 12 தாண்டியதும் சட்டென்று பத்து இருபது எம்பிபிஎஸ். கூட்டம் என்றால் பத்தரை, பதினொன்று என்று படிப்படியாக ஏறியிருக்கும். இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டுமா? ஒரு நாள் டேட்டாவைச் சேமித்து வைத்து, பாக்கி நிறைய இருக்கும்போது அதே இரவு ஒன்பது மணிக்குச் சோதித்துப் பாருங்கள். அப்போதும் சுற்றினால் வரம்பின் மேல் பழி இல்லை.

இரண்டாவது இடம் 5ஜி. சில திட்டங்களில் 5ஜிக்கு தினசரி வரம்பு கிடையாது, 4ஜிக்கு உண்டு. நாகர்கோவிலில் வீட்டு முற்றத்தில் 5ஜி கிடைக்கும், வேகம் பறக்கும். உள்ளறைக்குப் போனால் சுவர் தடுத்து போன் சத்தமில்லாமல் 4ஜிக்கு இறங்கும். அன்றைய 4ஜி அளவு ஏற்கெனவே தீர்ந்திருந்தால் உள்ளறையில் மட்டும் 64 கேபிபிஎஸ். பொதுவாக வரம்பு சிம்மோடு கூடவே வரும், கோளாறு இடத்தோடு நிற்கும் என்பதுதான் கணக்கு. இங்கே அந்தக் கணக்கு தலைகீழாகத் தெரியும், அசல் கோளாறு மாதிரியே இருக்கும். பேச்சிப்பாறை பக்கம் போனதும் நெட் படுத்துவிட்டது என்கிறவர்களிடமும் முதலில் இதைத்தான் கேட்பேன்: மேலே 5ஜி காட்டுகிறதா, 4ஜி காட்டுகிறதா?

களியக்காவிளை ஓரத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் ஒன்று: போன் சில நேரம் கேரளப் பக்கத்து டவரைப் பிடிக்கும். சில போன்களில் டேட்டா ரோமிங் அணைந்திருந்தால் அப்போது நெட் அடியோடு நின்றுவிடும். மெதுவாவதும் நிற்பதும் வேறு வேறு. ரோமிங்கைப் போட்டுவிட்டால் போதும், பேக்கும் வேண்டாம், புகாரும் வேண்டாம்.

வரம்புதான் என்றால் எதை வாங்குவது

மாதத்தில் எப்போதாவது தீர்கிறது என்றால் சின்ன டேட்டா பேக் போதும். அடிப்படைத் திட்டம் உயிரோடு இருந்தால் பேக் போட்ட சில நிமிஷத்தில் வேகம் திரும்பும். திரும்பாவிட்டால் ஏரோபிளேன் மோடைப் போட்டு எடுங்கள். அதற்கும் திரும்பவில்லை, செயலியில் பேக் ஏறியிருக்கிறது என்றால் நீங்கள் மருந்து வாங்கியது வேறு நோய்க்கு. பேக் வாங்கும் முன் அதன் காலத்தையும் பாருங்கள். சில பேக் அன்றைக்கு மட்டும், சில பேக் திட்டம் முடியும் வரை.

தினமும் சாயங்காலமே தீர்கிறது என்றால் பேக் மேல் பேக் போடுவது எனக்குப் பிடிக்கவில்லை. சேர்த்துப் பார்த்தால் பெரிய திட்டத்தைவிட அதிகமாகக் கொடுத்திருப்பீர்கள். போன் ஹாட்ஸ்பாட்டில் டிவி ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள். முழு எச்டி படம் ஒரு மணி நேரத்துக்கு 3 ஜிபி வரை குடிக்கும். அந்த வீட்டில் 2 ஜிபி ஒரு சினிமாவின் இடைவேளைக்கே தாங்காது. தரத்தை 480க்கு இறக்கினால் பெரிய மாற்றம் தெரியும். அதுவும் பிடிக்காதென்றால் வீட்டுக்கு ஃபைபர் போடுவதே சரி.

ஃபைபரிலும் அளவு உண்டு, மாதக் கணக்கில். அது தாண்டினாலும் பெரும்பாலும் 2 அல்லது 4 எம்பிபிஎஸ் என்று இறங்கும், செய்தி, பணம் செலுத்துவது எல்லாம் நடக்கும். கம்பி வழி இணைப்பில் அளவு தாண்டிய பிறகும் 512 கேபிபிஎஸுக்குக் குறையக்கூடாது என்று 2016-ல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் உத்தரவு போட்டது. மொபைலின் 64-க்குப் பக்கத்தில் வைத்தால் அது எட்டு மடங்கு. கோளாறைப் பிரிப்பதும் இங்கே எளிது. பெட்டியில் LOS என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் கேபிள் அறுந்திருக்கிறது அல்லது மடங்கியிருக்கிறது, லைன்மேன்தான் வர வேண்டும். அது எரியாமல் வேகம் மட்டும் குறைந்தால் மாதக் கணக்கைப் பாருங்கள். மலையோரத்தில் கம்பம் கம்பமாகக் கேபிள் போகும் இடங்களில் மழைக்கு மொபைலைவிட இது சீக்கிரம் அறும் என்பதையும் யோசித்துப் போடுங்கள்.

கோளாறுதான் என்றால்

198-க்கு அழைத்துப் புகார் எண் வாங்குங்கள். “நெட் ஸ்லோ” என்று மட்டும் சொன்னால், டேட்டா தீர்ந்திருக்கும் என்று சொல்லி முடித்துவிடுவார்கள். குலசேகரம் அக்காவிடம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தது இதுதான்: இந்தத் தேதி, இரவு 8:40, டேட்டா பாக்கி 1.1 ஜிபி, சிக்னல் -117, காலும் விட்டு விட்டுக் கேட்கிறது, பக்கத்து வீட்டு எண்ணிலும் அதே நிலை, கரண்ட் போன பிறகு ஆரம்பிக்கிறது. கூடவே வீட்டின் அஞ்சல் குறியீட்டு எண்ணும் பக்கத்தில் தெரிகிற ஒரு அடையாளமும். செயலியில் பாக்கி டேட்டா காட்டும் பக்கத்தையும், அதே நேரம் எடுத்த ஸ்பீடு டெஸ்டையும் படம் பிடித்து வையுங்கள். புகாரை ஒழுங்காகக் கவனிக்காமல் மூடிவிட்டால், அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டுப் பிரிவுக்கு அந்தப் புகார் எண்ணோடு எழுதலாம், அதற்குக் கட்டணம் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரரும் தன் எண்ணிலிருந்து தனியாக ஒரு புகார் போடட்டும். ஒரே டவரின் மேல் இரண்டு மூன்று எண்களிலிருந்து புகார் போனால், தனி ஒரு போனின் பிரச்சினை என்று சொல்லி அதைத் தள்ளிவிட முடியாது.